மிச்சம் அரைச் சுற்று: மூவிங் ஆவரேஜ் எதை அழிக்கிறது, எதை விட்டுவிடுகிறது

என் மேசையில் ஒரு தராசு இருக்கிறது. 10 கிலோ தாங்கும் லோட் செல், அதன் சின்ன மின்னழுத்தத்தைப் பெருக்க ஒரு ஆம்ப்ளிஃபையர், அந்த மின்னழுத்தத்தை எண்ணாக்கி விநாடிக்கு 1000 சாம்பிள் எடுக்கும் ஏடிசி, எண்ணைக் காட்ட ஒரு திரை. அவ்வளவுதான். லோட் செல்லிலிருந்து வரும் வயர் நீளம், மேலே ஷீல்டும் சரியில்லை. அதனால் வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் ஹம் அதில் தாராளமாக ஏறிக்கொள்ளும். வடிகட்டாத சாம்பிளைப் பார்த்தால், உண்மையான எடைக்கு மேலே 10 கிராம், கீழே 10 கிராம் என்று விநாடிக்கு 50 முறை ஆடும்.

ஆனாலும் தராசு நன்றாகவே வேலை செய்தது. கடைசி 20 சாம்பிளைக் கூட்டி 20ஆல் வகுக்கும் ஒரு மூவிங் ஆவரேஜ் உள்ளே இருந்தது. அதன் விடையை 100 மில்லி விநாடிக்கு ஒரு முறை திரைக்கு அனுப்பினேன். எண் அசையாமல் நின்றது.

ஒரு நாள் அந்த 20ஐ 32 ஆக்கினேன். 32ஆல் வகுப்பது பைனரியில் ஐந்து இடம் நகர்த்தும் வேலைதான், சின்ன மைக்ரோ கண்ட்ரோலருக்கு வகுத்தல் மிச்சமாகும். தவிர, 20 சாம்பிளை விட 32 சாம்பிளின் சராசரி இன்னும் அமைதியாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். மாற்றிய பிறகு தராசின் பூஜ்ஜியம் மெல்ல நகர ஆரம்பித்தது. காலியாக இருக்கும்போதே 0 கிராம், பிறகு 1, கிட்டத்தட்ட 2 வரை ஏறி, திரும்ப இறங்கி, மைனஸ் 2 வரை போய் வரும். ஒரு முழு ஏற்ற இறக்கத்துக்குச் சில சமயம் ஒரு நிமிடம், சில சமயம் அதற்கும் மேல். லோட் செல் சூடாகி ஆறுகிறது என்று நினைத்து, இரண்டு நாள் வெப்பநிலையின் பின்னால் அலைந்தேன். ஃபேனை நிறுத்தினேன், பெட்டிக்குள் வைத்து மூடினேன். எதுவும் மாறவில்லை.

உண்மையில் அது ஹம். 20ஐ 32 ஆக்கியதில் திரும்பி வந்துவிட்டது. அதிக சாம்பிளைச் சராசரி எடுத்தால் அதிகம் வடியும் என்ற நம்பிக்கை ஏன் தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். கணக்குக்குப் போகும் முன் கையால் எண்ணிப் பார்க்கலாம்.

கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது

விநாடிக்கு 1000 சாம்பிள் என்றால் ஒரு சாம்பிளுக்கும் அடுத்ததற்கும் இடையே 1 மில்லி விநாடி. 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு முழுச் சுற்று 20 மில்லி விநாடி, அதாவது சரியாக 20 சாம்பிள். அந்த 20 சாம்பிளில் எதை எடுத்தாலும் அதற்குப் பத்து இடம் தள்ளி ஒரு ஜோடி இருக்கும். முதலாவது +7 என்றால் பதினொன்றாவது −7. இரண்டாவது +9 என்றால் பன்னிரண்டாவது −9. பத்து ஜோடியும் இப்படியே அடித்துக்கொள்ளும், கூட்டுத்தொகை பூஜ்ஜியம். அலையின் எந்த இடத்தில் எண்ணத் தொடங்கினாலும் இதுவே நடக்கும். ஹம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் 20 சாம்பிள் சராசரியில் அதற்கு இடமில்லை.

இப்போது 30 சாம்பிள் எடுப்போம். முதல் 20 ஒரு முழுச் சுற்று, தானே அழிந்துவிடும். மீதி 10 சாம்பிள் அரைச் சுற்று. அரைச் சுற்றுக்கு அழித்துக்கொள்ள ஜோடி கிடையாது. தொடங்கிய இடம் பொருந்திவிட்டால் அந்தப் பத்தும் ஒரே பக்கம் நிற்கும். அரைச் சைன் அலையின் சராசரி உயரம் உச்சத்தில் 2/π பங்கு, கிட்டத்தட்ட 0.64. பத்து சாம்பிளின் இந்த மிச்சத்தை 30ஆல் வகுக்கிறோம். 0.64 × 10/30 = 0.21. ஆக, 10 கிராம் ஹம்மில் 2 கிராமுக்கு மேல் தப்பி வந்துவிடும்.

32லும் கதை இதேதான். ஒரு முழுச் சுற்றும், அதன் மேல் 12 சாம்பிள் மிச்சமும். என் பழைய 20ஐ யோசித்து வைத்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அந்தத் தராசைக் காப்பாற்றியது சாம்பிள்களின் எண்ணிக்கை இல்லை. 20 சாம்பிளுக்குள் ஒரு முழுச் சுற்று மிச்சமில்லாமல் அடங்கியதுதான்.

இந்த மிச்சக் கணக்கை எல்லா அதிர்வெண்ணுக்கும் சேர்த்து எழுதினால் கிடைப்பதே மூவிங் ஆவரேஜின் அதிர்வெண் மறுமொழி. `N` சாம்பிள் சராசரி, விநாடிக்கு `fs` சாம்பிள் என்றால், `f` ஹெர்ட்ஸ் அலை எத்தனை பங்காகக் குறைந்து வெளியே வரும் என்பதை இது சொல்லும்:

`H(f) = sin(πfN/fs) / (N · sin(πf/fs))`

மேலே உள்ள சைன் மட்டும் எப்போதெல்லாம் பூஜ்ஜியமாகிறதோ அப்போதெல்லாம் விடையும் பூஜ்ஜியம். `f = fs/N`, அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று வரிசையாக வரும். 1000 ஹெர்ட்ஸில் 20 சாம்பிளுக்கு அந்த இடங்கள் 50, 100, 150 ஹெர்ட்ஸ் என்று நீளும். கரண்ட் லைனில் 50இன் மடங்குகளாக வரும் ஹார்மானிக்குகளும் அங்கேதான் விழுகின்றன என்பது பெரிய வசதி. இதைச் சொந்தமாகப் பார்க்க ஆறு வரி போதும்:

```python
from math import sin, pi
def H(f, N, fs=1000):
    x = pi * f / fs
    return sin(N*x) / (N*sin(x))
for N in (16, 20, 30, 32):
    print(N, round(H(50, N), 3))
```

ஓட்டினால் 16க்கு 0.235, 20க்கு 0, 30க்கு −0.213, 32க்கு −0.19 என்று வரும். 16லிருந்து 32க்குப் போனால் சாம்பிள் இரட்டிப்பாகிறது, தாமதமும் இரட்டிப்பாகிறது. ஹம் மட்டும் 23 சதவீதத்திலிருந்து 19 சதவீதத்துக்குத்தான் இறங்குகிறது. நடுவில் 20 என்ற இடத்தில் முழுவதும் செத்துப்போய், தாண்டியதும் உயிர் பெறுகிறது.

சரி, தப்பி வந்த 1.9 கிராம் ஹம் ஏன் விநாடிக்கு 50 முறை நடுங்காமல், வெப்பநிலை நகர்வு மாதிரி மெதுவாக ஊர்ந்தது? அதற்குக் காரணம் திரை. நான் 100 மில்லி விநாடிக்கு ஒரு முறைதான் எண்ணை எடுத்தேன். 100 மில்லி விநாடிக்குள் 50 ஹெர்ட்ஸ் அலை சரியாக 5 சுற்று முடித்து, கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கும். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அலையின் ஒரே புள்ளிதான் கண்ணில் படும். கரண்ட் தரும் கிரிட்டின் அதிர்வெண் அன்று 50.02 ஹெர்ட்ஸ் என்றால், ஒவ்வொரு பார்வைக்கும் அந்தப் புள்ளி ஒரு சுற்றின் 500ல் ஒரு பங்கு நகரும். 500 பார்வைக்கு, அதாவது 50 விநாடிக்கு, ஒரு முழு ஏற்ற இறக்கம். கிரிட் 50.00ஐ ஒட்டி வரும்போது எண் அப்படியே உறைந்து நிற்கும். அப்புறம் திசை மாறிப் போகும். பூஜ்ஜியம் இப்படி ஊர்கிற எந்தக் கருவியிலும் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. எண் எடுக்கும் இடைவெளியை 100லிருந்து 97 மில்லி விநாடிக்கு மாற்றிப் பாருங்கள். உண்மையான வெப்பநிலை நகர்வு என்றால் அதே வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். ஹம் என்றால் ஊர்வது போய் எண் படபடவென்று துள்ளும். எனக்குத் துள்ளியது.

தலைகீழாக வரும் மிச்சம்

மேலே வந்த விடைகளில் 30க்கும் 32க்கும் முன்னால் ஒரு மைனஸ் குறி இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. தப்பி வரும் அலை குறைந்து வருவதோடு நிற்பதில்லை, கவிழ்ந்தும் வருகிறது. உள்ளே மேடு இருக்கும் இடத்தில் வெளியே பள்ளம் வரும்.

இதைப் புரிந்துகொள்ள எலெக்ட்ரானிக்ஸை விட்டு ஒரு கடைக்குள் போகலாம். ஞாயிறு விடுமுறை, மற்ற ஆறு நாளும் நாளுக்கு 110 பொருள் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் 7 நாள் சராசரி எடுப்போம். எந்த 7 நாளை எடுத்தாலும் அதில் ஒரே ஒரு ஞாயிறு இருக்கும். 660ஐ 7ஆல் வகுத்தால் 94 சொச்சம். கோடு நேராக ஓடும், வார ஏற்ற இறக்கம் சுத்தமாகப் போய்விடும்.

இன்னும் கொஞ்சம் மென்மையாக இருக்கட்டும் என்று 11 நாள் சராசரிக்குப் போனால்? ஞாயிற்றுக்கிழமையை நடுவில் வைத்து முன்னே ஐந்து நாள், பின்னே ஐந்து நாள் எடுத்துப் பாருங்கள். அடுத்த ஞாயிறும் முந்தைய ஞாயிறும் ஏழு நாள் தள்ளி இருப்பதால் உள்ளே வராது. பத்து வேலை நாள், ஒரு விடுமுறை. சராசரி 100. இப்போது புதன்கிழமையை நடுவில் வையுங்கள். மூன்று நாள் முன்னால் ஒரு ஞாயிறு, நான்கு நாள் பின்னால் ஒரு ஞாயிறு, இரண்டும் உள்ளே வந்துவிடும். சராசரி 90. செவ்வாய் முதல் வெள்ளி வரை 90, சனி முதல் திங்கள் வரை 100. கடை பூட்டிக் கிடந்த நாளில் வரைபடம் உச்சத்தில் நிற்கிறது. நல்ல விற்பனை நடந்த புதன்கிழமையில் பள்ளத்தில் கிடக்கிறது. கூட்டலில் பிழை எதுவும் இல்லை. சராசரிக்குள் வரும் 11 நாள் ஜன்னல் என்பது ஒன்றரை வாரத்துக்குப் பக்கம். ஜன்னலின் நடுவில் நிற்கும் பள்ளத்தைவிட அதன் இரு பக்க மேடுகள் கூடுதல் இடம் பிடிக்கின்றன, மிஞ்சுவது பக்கத்தின் குறி.

முதல் பூஜ்ஜியத்தைத் தாண்டி இரண்டாவது பூஜ்ஜியம் வரை உள்ள எல்லா அதிர்வெண்ணும் இப்படித்தான் கவிழ்ந்து வரும். அதற்கு அடுத்த இடைவெளியில் நிமிர்ந்து வரும், பிறகு மறுபடி கவிழும். வரைபடத்தில் கோட்டை மட்டும் பார்த்து, இந்தச் சின்ன அலைக்கு என்ன காரணம் என்று தேடுகிறவர் இல்லாத காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

நீளத்தைக் கூட்டினாலும் மேடு தணியாது

இனி லோ-பாஸ் ஃபில்டர் என்ற வேலைக்கு வருவோம். ஒரு அதிர்வெண் வரை அப்படியே விட வேண்டும், அதற்கு மேல் நிறுத்த வேண்டும். மூவிங் ஆவரேஜை இந்த வேலைக்கு வைத்தால் என்ன ஆகும்?

மேலே உள்ளதை எவ்வளவு நிறுத்துகிறது என்று மிச்சக் கணக்கை வைத்தே பார்க்கலாம். மிக மோசமான மிச்சம் அரைச் சுற்று. ஜன்னலுக்குள் ஒன்றரைச் சுற்று அடங்கும் அதிர்வெண்ணில் ஒரு சுற்று அழியும், அரைச் சுற்று மிஞ்சும், அதாவது ஜன்னலில் மூன்றில் ஒரு பங்கு. அதன் சராசரி 0.64ஐ மூன்றால் வகுத்தால் 0.21. இரண்டரைச் சுற்று அடங்கும் இடத்தில் மிச்சம் ஐந்தில் ஒரு பங்கு, 0.13. மூன்றரைச் சுற்றில் ஏழில் ஒரு பங்கு, 0.09. பூஜ்ஜியங்களுக்கு இடையே இப்படி மேடுகள் எழுந்து மெதுவாகத் தணிகின்றன.

இந்தக் கணக்கில் `N` எங்கேயும் வரவில்லை என்பதைப் பாருங்கள். 20 சாம்பிளோ 200 சாம்பிளோ 2000 சாம்பிளோ, ஜன்னலுக்குள் ஒன்றரைச் சுற்று போடும் ஒரு அதிர்வெண் இருந்தே தீரும். அது 21 சதவீதம் தப்பி வந்தே தீரும். டெசிபலில் சொன்னால் மைனஸ் 13. நீளத்தைக் கூட்டினால் முதல் மேடு இடதுபக்கம் நகரும், உயரம் அப்படியே இருக்கும். இது சீர் செய்யக்கூடிய குறை இல்லை, எல்லா சாம்பிளுக்கும் ஒரே முக்கியத்துவம், அதாவது சம எடை, கொடுத்துக் கூட்டுவதன் இயல்பு. புதிய சாம்பிள் முழு எடையோடு சட்டென்று உள்ளே வருகிறது, பழையது முழு எடையோடு சட்டென்று வெளியே போகிறது. ஜன்னலின் அந்தச் செங்குத்தான விளிம்பில்தான் அரைச் சுற்றுகள் அறுபட்டு நிற்கின்றன.

கீழே உள்ளதை அப்படியே விடுகிறதா என்றால் அதுவும் இல்லை. ஈசிஜியை எடுத்துக்கொள்வோம். மானிட்டரில் காட்டும் ஈசிஜிக்குப் பொதுவாக 40 ஹெர்ட்ஸ் வரை வேண்டும், 50 ஹெர்ட்ஸ் ஹம் வேண்டாம். விநாடிக்கு 1000 சாம்பிள், 20 சாம்பிள் சராசரி. ஹம் போய்விடும், சந்தேகமில்லை. ஆனால் 10 ஹெர்ட்ஸில் 94 சதவீதம்தான் மிஞ்சுகிறது, 20 ஹெர்ட்ஸில் 76, 30 ஹெர்ட்ஸில் 51, 40 ஹெர்ட்ஸில் 23. இதயத் துடிப்பின் கூரான ஆர் முனைக்கு உயரம் கொடுப்பதே இந்த அதிர்வெண்கள்தான். முனை குட்டையாகி, அடி அகலமாகிவிடும். அந்த உயரத்தை அளந்து முடிவெடுக்கும் எதையும் இந்த ஃபில்டருக்குப் பின்னால் வைக்கக் கூடாது.

இப்போது 40 ஹெர்ட்ஸோடு 70 ஹெர்ட்ஸை ஒப்பிடுங்கள். நமக்கு வேண்டிய 40 ஹெர்ட்ஸ் 23 சதவீதம் வருகிறது. வேண்டாத 70 ஹெர்ட்ஸ் 22 சதவீதம் வருகிறது, அதுவும் கவிழ்ந்து. 50ஐ நடுவில் வைத்து இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. மூவிங் ஆவரேஜ் மோசமான லோ-பாஸ் ஃபில்டர் என்று சொல்வதற்கு எனக்கு இந்த இரண்டு எண்ணும் போதும். எங்கே வெட்டுகிறது என்று கேட்டால் அதனால் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் அது எங்கேயும் வெட்டவில்லை. சீராகச் சரிந்து ஒரு பள்ளத்தில் விழுந்து எழுகிறது.

அது உண்மையிலேயே நன்றாகச் செய்யும் வேலை

இவ்வளவு சொன்ன பிறகும் என் தராசில் மூவிங் ஆவரேஜை நான் எடுத்துவிடவில்லை. தராசுக்கு 40 ஹெர்ட்ஸ் வேண்டாம். தட்டில் வைத்த பொருளின் எடை மாறாது, அதாவது பூஜ்ஜிய அதிர்வெண் மட்டும் போதும். அந்த வேலையில் எதிரி இரண்டு: ஹம், பிறகு ஆம்ப்ளிஃபையரின் ஒழுங்கற்ற இரைச்சல்.

ஒரு சாம்பிளுக்கும் அடுத்த சாம்பிளுக்கும் சம்பந்தமே இல்லாத இரைச்சலை எதிர்த்து, குறிப்பிட்ட எண்ணிக்கை சாம்பிளை மட்டும் வைத்து வேலை செய்ய வேண்டும் என்றால், சம எடையை மிஞ்ச எதுவும் கிடையாது. எடைகளின் கூட்டுத்தொகை 1 ஆக இருக்க வேண்டும், வர்க்கங்களின் கூட்டுத்தொகை குறைவாக இருக்க வேண்டும் என்றால் எல்லாவற்றையும் சமமாகப் பங்கிடுவதுதான் விடை. 20 சாம்பிளில் இரைச்சல் வேர் 20ஆல் குறையும், 22 சதவீதம் மிஞ்சும். தட்டில் உள்ள எடை சட்டென்று மாறினால் விடை 20 மில்லி விநாடியில் நேர்கோட்டில் ஏறி, தாண்டிப் போகாமல், ஆடாமல் நின்றுவிடும். கூர்மையாக வெட்டும் பெரிய ஃபில்டர்கள் இந்த இடத்தில் உச்சியைத் தாண்டிப் போய்க் கொஞ்சம் அலைந்துவிட்டுத்தான் நிற்கும். தராசில் அந்த அலைச்சலைப் பார்க்கிறவர் பொருளை எடுத்துத் திரும்ப வைப்பார்.

வேகமும் அதன் பக்கம். ஜன்னல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஒரு கூட்டல், ஒரு கழித்தல் போதும்:

```c
sum += x - buf[i];
buf[i] = x;
if (++i == 20) i = 0;
y = sum / 20;
```

இதில் `sum` கட்டாயம் முழு எண்ணாக இருக்க வேண்டும். ஃப்ளோட்டில் வைத்தால் கூட்டும்போது வரும் கடைசி இலக்கப் பிழையும் கழிக்கும்போது வரும் பிழையும் ஒன்றையொன்று அழிக்காது, மணிக்கணக்கில் ஓடினால் சேர்ந்துகொண்டே போகும். அதுவும் பூஜ்ஜிய நகர்வு மாதிரியே தெரியும். `buf` முழுவதையும், `sum`ஐயும் தொடக்கத்தில் பூஜ்ஜியமாக வைப்பதையும் மறக்கக் கூடாது.

பள்ளத்தை மேட்டின் மேல் வைப்பது

20ஐத் திரும்ப வைத்ததும் ஹம் போய்விட்டது. ஆனால் முதல் மேடு 71.5 ஹெர்ட்ஸில் 22 சதவீத உயரத்தில் நிற்பது எனக்கு உறுத்தியது. தராசு இருக்கும் மேசையில் ஒரு சின்ன மோட்டார் ஓடினால் அதன் அதிர்வு 60, 70, 80 ஹெர்ட்ஸ் என்று எங்கே வேண்டுமானாலும் விழலாம்.

ஒரு மூவிங் ஆவரேஜின் விடையை இன்னொரு மூவிங் ஆவரேஜுக்குக் கொடுத்தால் இரண்டின் மறுமொழியும் ஒன்றோடொன்று பெருக்கப்படும். 20ஐ இரண்டு முறை போட்டால் 0.22 × 0.22, மேடு 5 சதவீதத்துக்கு இறங்கும். ஆனால் இரண்டின் பள்ளமும் ஒரே இடத்தில், இரண்டின் மேடும் ஒரே இடத்தில் விழுகின்றன. ஏற்கெனவே செத்த 50 ஹெர்ட்ஸை மறுபடி கொல்வதால் லாபம் குறைவு. அதற்குப் பதில் இரண்டாவதின் பள்ளத்தை முதலாவதின் மேட்டு உச்சியில் வைத்தால்? 1000ஐ 71.5ஆல் வகுத்தால் 14.

ஆக, முதலில் 20, அடுத்து 14. 14 சாம்பிள் சராசரியின் முதல் பூஜ்ஜியம் 71.4 ஹெர்ட்ஸில் விழுந்து அந்த மேட்டை நடுவில் பிளக்கிறது. 50 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை எங்கே பார்த்தாலும் மிஞ்சுவது 3 சதவீதத்தைத் தாண்டவில்லை. 20ஐ இரண்டு முறை போடுவதைவிட நன்றாக அடக்குகிறது, அதைவிடச் சீக்கிரமாகவும் விடை தருகிறது. தாமதம் 19 மில்லி விநாடிக்குப் பதில் 16.

இரண்டும் சேர்ந்து பார்ப்பது மொத்தம் 33 சாம்பிள். அதே 33ஐ ஒரே மூவிங் ஆவரேஜாக எடுத்திருந்தால் 50 ஹெர்ட்ஸ் ஹம்மில் 17 சதவீதம் உள்ளே வந்திருக்கும். சாம்பிள் அதே, தாமதம் அதே, பங்கீடுதான் வேறு. 20ம் 14ம் சேரும்போது எடைகள் சமமாக இல்லாமல், ஓரத்தில் சின்னதாகத் தொடங்கி, படிப்படியாக ஏறி, நடுவில் தட்டையாக நின்று, படிப்படியாக இறங்குகின்றன. செங்குத்து விளிம்பு சரிவாகிவிட்டது.

இதற்கு விலையும் உண்டு. ஒழுங்கற்ற இரைச்சலில் 33 சம எடைகள் 17.4 சதவீதத்தை மிஞ்ச விடும், என் இரட்டை அமைப்பு 19.6 சதவீதத்தை விடுகிறது. வேண்டிய பக்கத்தின் சரிவும் கூடுகிறது, 20 ஹெர்ட்ஸில் 76 சதவீதம் இருந்தது 66 ஆகிறது. தராசுக்கு இது பொருட்டில்லை. ஈசிஜிக்கு இந்த வழி சுத்தமாக உதவாது. அங்கே 40 ஹெர்ட்ஸ் வரை தட்டையாக விடும்படி எடைகளைத் தனித்தனியாகக் கணக்கிட்ட ஒரு எஃப்ஐஆர் ஃபில்டரோ, 50 ஹெர்ட்ஸில் மட்டும் குறுகலாகக் கிள்ளும் நாட்ச் ஃபில்டரோதான் வேண்டும்.

பள்ளத்தின் அகலம்

பூஜ்ஜியம் என்பது ஒரு புள்ளி. கிரிட் ஒருபோதும் சரியாக 50.000ல் நிற்காது. அப்படியென்றால் எவ்வளவு தப்பும்? ஒற்றை 20 சாம்பிள் சராசரிக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. அதிர்வெண் எத்தனை சதவீதம் விலகுகிறதோ ஏறக்குறைய அத்தனை சதவீதம் தப்பி வரும். 49.9 ஹெர்ட்ஸ் என்றால் 0.2 சதவீத விலகல், 10 கிராம் ஹம்மில் 0.02 கிராம். 49.5 என்றால் 0.1 கிராம். கிரிட்டின் வழக்கமான ஏற்ற இறக்கத்துக்கு இது தாராளம்.

கவனிக்க வேண்டியது சாம்பிள் எடுக்கும் கடிகாரம். மைக்ரோ கண்ட்ரோலரின் உள்ளே இருக்கும் ஆர்சி ஆஸிலேட்டர் 1 சதவீதம் விலகி ஓடுவது சாதாரணம். அப்போது விநாடிக்கு 1000 என்று நாம் நினைப்பது 1010 ஆக இருக்கும், 20 சாம்பிளின் பள்ளம் 50.5 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். கிரிஸ்டல் போட்டால் அந்தக் கவலை இல்லை. சாம்பிளை `delay` வைத்து எடுப்பதும் இதே தப்பைத்தான் செய்யும், ஏடிசியைப் படிக்கும் நேரமும் திரைக்கு எழுதும் நேரமும் அந்த இடைவெளியில் சேர்ந்துவிடும். டைமர் இன்டரப்டில் எடுக்க வேண்டும்.

மல்டிமீட்டர் செய்கிறவர்களுக்கு இந்தப் பள்ளம் பழைய சொத்து. நல்ல பெஞ்ச் மீட்டர்களில் `NPLC` என்று ஒரு அமைப்பு இருக்கும், எத்தனை கரண்ட் சுற்று நேரம் உள்ளீட்டைச் சேர்த்து அளக்க வேண்டும் என்பது அதன் பொருள். 1 என்று வைத்தால் 50 ஹெர்ட்ஸ் நாட்டில் 20 மில்லி விநாடி. 100 மில்லி விநாடி சேர்த்தால் 50 ஹெர்ட்ஸுக்கு 5 முழுச் சுற்று, 60 ஹெர்ட்ஸுக்கு 6 முழுச் சுற்று. எந்த நாட்டுப் பிளக்கில் செருகினாலும் மிச்சம் இருக்காது.

ஒன்றை மட்டும் மூவிங் ஆவரேஜால் எப்போதும் செய்ய முடியாது. 1000 சாம்பிள் வேகத்தில் 1000 ஹெர்ட்ஸ் அலை ஒன்று உள்ளே வந்தால் ஒவ்வொரு சாம்பிளும் அதன் ஒரே புள்ளியில் விழும். சராசரிக்கு அது எடை மாதிரியே தெரியும், முழுதாக உள்ளே வரும். பக்கத்தில் இருக்கும் எல்இடி டிரைவரின் மின்சுற்று அப்படி ஒன்றை வீசினால் எந்த `N`ம் காப்பாற்றாது. அதை ஏடிசிக்கு முன்னாலேயே ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் வைத்துத் தணிக்க வேண்டும். என் தராசில் 10 கிலோ ஓமும் 1 மைக்ரோ ஃபாரடும் போட்டேன். வெட்டு 16 ஹெர்ட்ஸில் விழுகிறது, 1000 ஹெர்ட்ஸ் அறுபதில் ஒரு பங்குக்கு இறங்குகிறது.

அந்த இரண்டு உறுப்பும், 20ம், 14ம், ஒரு கிரிஸ்டலும் சேர்ந்த பிறகு ஒரு ராத்திரி முழுக்க காலித் தட்டின் எண்ணைப் பதிவு செய்தேன். 50 விநாடி அலை எங்கேயும் இல்லை. மாலையிலிருந்து விடியும்வரை கோடு அரை கிராம் மட்டும் ஒரே திசையில் சரிந்திருந்தது, அறையின் வெப்பமானி காட்டிய சரிவோடு ஒட்டியே. முதலில் நான் தேடிய வெப்பநிலை நகர்வு அதுதான்.